மாத பட்ஜெட் போன மாதம் எகிறியது, இந்த மாதம் தேங்கி நிற்கிறது: எங்கே கை வைப்பது?

கேள்வி: வணக்கம். மதுரையில் ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபயர் சர்வீஸ் செய்யும் ஒரு கடைக்கு நான்தான் கூகுள் விளம்பரம் பார்க்கிறேன். ஒரே ஒரு சர்ச் கேம்பெய்ன். "மாதம் 60,000, அதற்கு மேல் ஒரு ரூபாய் போகக் கூடாது" என்பது முதலாளி உத்தரவு. முப்பதால் வகுத்து நாளுக்கு 2,000 வைத்தேன். போன மாதம் சில நாள் 3,900 வரை போனது. 31 நாள் முடிவில் மொத்தம் 71,744 ரூபாய் பிடித்திருந்தார்கள். 152 ஃபோன் கால் வந்தும் திட்டுதான் மிச்சம். பயந்துபோய் இந்த மாதம் 1ஆம் தேதியே பட்ஜெட்டை 1,400 ஆக்கி, ஒரு காலுக்கு 250 ரூபாய் என்று இலக்கு வைத்து Target CPA 250 போட்டேன். போன மாதம் இலக்கு எதுவும் இல்லாமல், பட்ஜெட்டுக்குள் முடிந்தவரை அதிகக் கால் பிடிக்கும் Maximize conversions மட்டும் ஓடியது. இன்று 18. நேற்று வரை செலவு 14,620, கால் 54. இப்போது "ஏன் ஃபோனே அடிக்கவில்லை" என்று திட்டு. Search lost IS (budget) போன மாதம் 21%, இப்போது 2%. Search lost IS (rank) போன மாதம் 17%, இப்போது 61%. இந்த மாதத்துக்கு 30 நாள். பாக்கிப் பணத்தைச் செலவழிக்க பட்ஜெட்டை 3,500 ஆக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். 3,500 ஆக்கினால் இப்போதைக்கு ஒன்றும் நடக்காது. பிறகு நடக்க ஆரம்பித்தால், போன மாதத்தின் அதே பில் திரும்ப வரும். இரண்டுக்கும் உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. முதலில் போன மாத பில்லைப் பார்ப்போம்.

71,744-ஐ 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 60,800 வரும். அதை 30.4-ஆல் வகுத்தால் சரியாக 2,000. கூகுள் உங்களிடம் கூடுதலாக எதுவும் எடுக்கவில்லை. நீங்கள் கொடுத்த 2,000 என்ற எண்ணை அதன் விதிப்படி எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18% சேர்ந்திருக்கிறது.

கூகுள் ஆட்ஸில் நாம் போடுவது நாளின் உச்சவரம்பு இல்லை, நாளின் சராசரி. தேடல் அதிகமாக இருக்கும் நாளில் அந்தச் சராசரியைப் போல இரண்டு மடங்கு வரை அது செலவழிக்கலாம். 2017 அக்டோபரில் வந்த மாற்றம் இது. அதற்கு முன் இருபது சதவீதம் வரைதான் கூடும். ஆகவே நீங்கள் பார்த்த 3,900 விதிக்கு உட்பட்டதுதான். ஒரு நாளில் 4,000 வரை போயிருக்கலாம். கூகுள் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது மாதக் கணக்கில்தான்: சராசரி பெருக்கல் 30.4. இந்த 30.4 என்பது 365-ஐ 12-ஆல் வகுத்து வருவது. பிப்ரவரியானாலும் 31 நாள் மாதமானாலும் அதே 30.4தான். முப்பதால் வகுத்ததால் உங்களுக்கு வந்த நஷ்டம் வெறும் 800 ரூபாய். மீதி 10,944-ம் ஜி.எஸ்.டி.

திரையில் Cost என்ற பத்தியில் தெரிவது வரி சேராத தொகை. பட்ஜெட் கட்டத்தில் நாம் எழுதுவதும் அப்படியே. முதலாளி பார்ப்பதோ வங்கிக் கணக்கில் கழிந்த தொகை. "60,000" என்று அவர் சொன்னபோது வரியோடு சொன்னாரா, வரி நீங்கலாகச் சொன்னாரா என்று இன்றைக்கே கேளுங்கள். "ஒரு ரூபாய் கூடக் கூடாது" என்கிறவர் பெரும்பாலும் வரியோடுதான் நினைத்திருப்பார். கடை ஜி.எஸ்.டி. பதிவு பெற்றதாக இருந்தால், இந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்க வழியுண்டா என்று அவருடைய ஆடிட்டர் சொல்வார். அப்படியானால் அவரே "வரியைக் கணக்கில் சேர்க்காதே" என்று சொல்லலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். நீங்களாக ஊகித்துக்கொள்ள வேண்டாம். கீழே நான் போடும் கணக்கெல்லாம் 60,000 வரியோடு சேர்ந்தது என்று வைத்துப் போட்டது.

60,000-ஐ 1.18-ஆல் வகுத்தால் 50,847. இதுதான் உங்கள் கையில் இருக்கும் உண்மையான விளம்பரப் பணம். இதை 30.4-ஆல் வகுத்தால் 1,672. மாதம் 1ஆம் தேதி 1,670 என்று போட்டுவிட்டு, மாதம் முழுக்க அந்தக் கட்டத்தைத் தொடாமல் விட்டால், எந்த நாள் எவ்வளவு எகிறினாலும் மாத பில் 59,906-ஐத் தாண்டாது.

"தொடாமல் விட்டால்" என்பதைக் கவனியுங்கள். மாத நடுவில் பட்ஜெட்டை மாற்றியதும் 30.4 கணக்கு போய்விடும். அதன் பிறகு உச்சவரம்பு என்பது அதுவரை செலவானது, அதோடு புதிய சராசரி பெருக்கல் மீதி நாள். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. உதாரணமாக 2,000 வைத்த ஒரு கேம்பெய்ன் முதல் பத்து நாள் நல்ல வேட்டையாடி 35,000 செலவழித்துவிட்டது என்று வையுங்கள். கை வைக்காமல் இருந்தால் மீதி மாதத்துக்கு 25,800 மட்டுமே விட்டுவைத்து, கூகுள் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 11ஆம் தேதி காலையில் நல்லெண்ணத்தோடு நூறு ரூபாய் கூட்டி 2,100 ஆக்கினால், புதிய உச்சவரம்பு 35,000, அதோடு 20 நாளுக்கு 42,000, ஆக 77,000. அதாவது, கூட்டியது நூறு ரூபாய்தான், ஆனால் மாதத்தின் கூரை 16,000 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. நாளுக்கு நாள் பட்ஜெட்டைத் திருத்திக்கொண்டே இருக்கிறவர்களின் கணக்கு ஏன் கட்டுக்குள் வருவதில்லை என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். மாற்றுகிற அன்றைக்கு அந்த நாளின் இரு மடங்கு வரம்பும், அன்று வைத்திருந்த பட்ஜெட்களில் எது பெரியதோ அதை வைத்தே கணக்காகும். காலையில் 3,500 ஆக்கிவிட்டு மதியம் பயந்து 1,400-க்குக் குறைத்தாலும், அன்றைக்கு 7,000 வரை போக வழி திறந்துவிட்டது என்றே அர்த்தம்.

இப்போது உங்கள் 3,500-ஐ இதில் பொருத்திப் பாருங்கள். 14,620, அதோடு 13 நாளுக்கு 45,500, ஆக 60,120. வரியோடு 70,942. போன மாதத் திட்டு அப்படியே திரும்ப வரும்.

வரக்கூடும் என்று சொல்லலாமே தவிர, இன்றைய நிலையில் வராது. உங்கள் கேம்பெய்ன் இப்போது தேங்கி நிற்பதற்குக் காரணம் பட்ஜெட் இல்லை. 17 நாளில் 14,620 என்றால் நாளுக்கு 860. நீங்கள் அனுமதித்திருப்பது 1,400. கொடுத்த 1,400-ஐயே செலவழிக்காத கேம்பெய்னுக்கு 3,500 கொடுத்து என்ன ஆகப்போகிறது? நீங்கள் அனுப்பிய இரண்டு சதவீதங்களும் இதையே சொல்கின்றன. Search lost IS (budget) என்பது, பணம் போதாததால் விளம்பரம் வராமல் போன தேடல்களின் பங்கு. அது 2% ஆகிவிட்டது. Search lost IS (rank) என்பது, ஒவ்வொரு தேடலுக்கும் நடக்கும் விளம்பர ஏலத்தில் தோற்றதால் வராமல் போன பங்கு. அது 17-லிருந்து 61 ஆகிவிட்டது. ஆர்.ஓ. சர்வீஸ் தேடுகிற நூறு பேரில் போன மாதம் 62 பேர் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தார்கள். இப்போது 37 பேர்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு முதல் சந்தேகம் அந்த Target CPA 250 மேல்தான். போன மாதம் 60,800-க்கு 152 கால், அதாவது ஒரு காலுக்கு 400 ரூபாய். 400-க்கு வாங்கிக்கொண்டிருந்த பொருளை 250-க்கு மேல் வாங்காதே என்று சொல்லியிருக்கிறீர்கள். கூகுள் அதற்குக் கீழ்ப்படிந்து, மலிவாகக் கிடைக்கும் என்று தோன்றும் ஏலத்தில் மட்டும் கலந்துகொள்கிறது. மற்றதில் குறைவாகக் கேட்டுத் தோற்கிறது. பட்ஜெட், இலக்கு என்ற இரண்டு பிடியையும் ஒரே நாளில் இறுக்கியதால், எது பிடித்துக்கொண்டது என்று உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இனி செலவு குறையும்போதெல்லாம் இந்த இரண்டு பத்திகளை முதலில் பாருங்கள். budget பக்கம் அதிகமாக இருந்தால் பட்ஜெட்டில் கை வையுங்கள். rank பக்கம் அதிகமாக இருந்தால் ஏலத்திலும் இலக்கிலும் கை வையுங்கள். இரண்டும் குறைவாக இருந்து செலவும் குறைவாக இருந்தால், அந்த மாதம் தேடுகிற ஆளே குறைவு என்று பொருள். அதற்கு எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

அடுத்து, பாக்கிப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்கு முன்னால் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். என்னிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. உங்கள் எண்களோ அதற்கு நல்ல விடை தருகின்றன.

இந்த மாதம் நாளுக்கு 860 செலவழித்து 3.2 கால் வருகிறது. ஒரு கால் 271 ரூபாய். போன மாதம் நாளுக்கு 1,961 செலவழித்து 4.9 கால் வந்தது. ஒரு கால் 400 ரூபாய். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கழித்துப் பாருங்கள். நாளுக்கு 1,100 ரூபாய் கூடுதலாகப் போட்டதற்குக் கிடைத்தது 1.7 கால். அதாவது அந்தக் கூடுதல் கால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 640 ரூபாய்க்கு வாங்கப்பட்டிருக்கிறது. 400 என்பது மலிவானதும் விலை கூடினதும் கலந்த சராசரி. கடைசியில் சேர்ந்த கால்களின் விலை அந்தச் சராசரிக்குள் மறைந்துகொண்டிருந்தது. இரண்டு வெவ்வேறு மாதத்தை ஒப்பிடுவதால் இதை ரூபாய் சுத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி விடுமுறை, மழை, போட்டிக் கடை எல்லாமும் இதில் கலந்திருக்கும். ஆனாலும் 640 என்பது 400-லிருந்து இவ்வளவு தூரம் தள்ளியிருக்கும்போது, முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி தெளிவாகிறது: ஒரு கால் உங்களுக்கு எவ்வளவு பெறும்?

அவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு காலில் ஒன்று வேலையாக மாறுகிறது என்றால், 640 ரூபாய் கால் ஒரு வேலைக்கு 1,280 ஆகிவிடும். ஃபில்டர் மாற்றி, மெம்பரேன் மாற்றி, ஆள் கூலி போக அந்த வேலையில் கடைக்கு நிற்பது 1,500 என்றால் இன்னும் லாபம்தான், தாராளமாகச் செலவழிக்கலாம். நிற்பது 900 என்றால், அந்தக் கூடுதல் கால் ஒவ்வொன்றும் நஷ்டத்தில் வாங்கியது. வருடாந்திர ஒப்பந்தம் எடுக்கிற வாடிக்கையாளர் அதிகம் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும். இந்த எண்ணை முதலாளி சொல்லாத வரை, 60,000-ஐயும் செலவழித்தே தீருவது நல்லதா கெட்டதா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

கால்களின் தரத்தையும் இதோடு பார்த்துவிடுங்கள். விளம்பரத்திலிருந்து வரும் கால் இத்தனை வினாடி பேசினால்தான் கணக்கு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. யாரும் மாற்றாவிட்டால் அது 60 வினாடி. பியூரிஃபயர் தொழிலில் பிரபல பிராண்டின் கஸ்டமர் கேர் என்று நினைத்துக்கொண்டு அழைப்பவர்கள் ஏராளம். அவர்கள் ஒரு நிமிடம் தாராளமாகப் பேசிவிட்டு "அப்போ நீங்க கம்பெனி இல்லையா?" என்று வைத்துவிடுவார்கள். திரையில் அதுவும் ஒரு கால்தான். Search terms அறிக்கையைத் திறந்து, பிராண்ட் பெயரோடு "கஸ்டமர் கேர்", "டோல் ஃப்ரீ நம்பர்" என்று வந்த தேடல்களுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். அந்த 640 ரூபாய்க் கால்களில் பல அங்கிருந்து வந்தவையாக இருந்தால், அந்தச் சொற்களுக்கு விளம்பரமே வராதபடி நெகட்டிவ் கீவேர்டாகப் போட்டுவிட்டு, மிச்சமாகும் பணத்தை நல்ல தேடல்களுக்கு விடலாம்.

இன்னொரு கணக்கும் பாக்கி. 50,847-இல் 14,620 போக 36,227. 13 நாளில் முடிக்க நாளுக்கு 2,786 வேண்டும். மதுரையில் அவ்வளவு தேடல் இருக்கிறதா? போன மாதம் 62% பங்குக்கு நாளுக்கு 1,961 ஆனது. பணம் போதாமல் இழந்த 21%-ஐயும் பிடித்திருந்தால் 83%. அப்படியானால் 1,961-ஐ 62-ஆல் வகுத்து 83-ஆல் பெருக்க, சுமார் 2,625. அன்று கேட்ட விலையில், எல்லாக் கதவையும் திறந்து வைத்திருந்தாலும் கிடைத்திருக்கக் கூடிய அதிகபட்சம் இதுதான். உங்களுக்குத் தேவைப்படும் 2,786 அதற்கும் மேலே நிற்கிறது. ஆகவே இந்த மாதப் பணம் முழுவதையும் சரியான தேடல்களில் செலவழிக்க வழியில்லை. வலுக்கட்டாயமாகச் செலவழித்தால் அது எங்கே போகும் என்றால், கீவேர்டைத் தளர்த்தி விட்டு வரும் சம்பந்தமில்லாத தேடலுக்கும், மதுரையில் இல்லாமல் மதுரையில் "ஆர்வம்" காட்டுபவர்களுக்கும், ஏதோ ஒரு ஆப்பில் தெரியும் படவிளம்பரத்துக்கும் போகும். மாதக் கடைசி மூன்று நாளில் இப்படிக் கொட்டித் தீர்ப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது ஒரு சின்னக் கடைக்காரரின் பணம்.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? முதலாளி இன்னும் எண் சொல்லாத நிலையில் நான் நடுவில் நிற்பேன். Target CPA-வை 250-லிருந்து 330 ஆக்குங்கள். வழக்கமாக இலக்கை ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது சதவீதத்துக்கு மேல் நகர்த்தாதே என்பார்கள். புதிய இடத்துக்குப் போகும்போது அது நல்ல பழக்கம். இங்கே நீங்கள் புதிய இடத்துக்குப் போகவில்லை. இந்தக் கேம்பெய்ன் போன மாதம்தான் 400-இல் ஓடியது, அதன் நினைவு கூகுளிடம் இருக்கிறது. படிப்படியாக ஏற்ற உங்களிடம் நாளும் இல்லை.

அதே நேரத்தில் பட்ஜெட்டை 2,000 ஆக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதை மேலே குறை சொல்லிவிட்டு இப்போது இப்படிச் சொல்கிறேனே என்று தோன்றலாம். இன்று பட்ஜெட் எதையும் தடுக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆகவே அதை உயர்த்துவதால் மட்டும் செலவு மாறாது. செலவு மாறினால் அது இலக்கை உயர்த்தியதால்தான். இலக்கு தளர்ந்ததும் 1,400-இல் போய் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த இடம். மோசமான நிலையிலும் உச்சவரம்பு 14,620, அதோடு 26,000, ஆக 40,620. வரியோடு 47,932. முதலாளி சொன்ன எல்லைக்குள் நன்றாகவே நிற்கிறீர்கள்.

பிறகு 22ஆம் தேதி வரை கை வைக்காதீர்கள். 23 காலையில், 18 முதல் 22 வரையிலான ஐந்து நாளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மாதம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பழைய பதினேழு நாள் புதிய ஐந்து நாளை மூடிவிடும். செலவு நாளுக்கு 1,300 முதல் 1,700-க்குள் வந்து, கால் 350-க்குள் இருந்தால் அப்படியே விடுங்கள். செலவு 2,000-இல் முட்டி, Search lost IS (budget) பத்து சதவீதத்தைத் தாண்டியிருந்தால், கால் விலையும் முதலாளிக்குச் சம்மதமானால், பட்ஜெட்டை மட்டும் கூட்டுங்கள். எவ்வளவு வரை கூட்டலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் தருகிறேன். ஷீட்டில் B1-இல் முதலாளி சொன்ன தொகையை வரியோடு எழுதுங்கள். B2-இல் நேற்று வரையிலான Cost-ஐ எழுதுங்கள்.

```
=(B1/1.18-B2)/(DAY(EOMONTH(TODAY(),0))-DAY(TODAY())+1)
```

இன்று இதைப் போட்டால் 2,786 வரும். இது தாண்டக் கூடாத எல்லை. தொட்டே தீர வேண்டிய இலக்காக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்த எண்ணிலிருந்து ஐம்பது நூறு குறைத்தே போடுங்கள். மாற்றுகிற நாளில் ஏற்கனவே ஓடிவிட்ட செலவு இந்தக் கணக்கில் இல்லை.

இலக்கை 330 ஆக்கியும் செலவு 900-ஐத் தாண்டவில்லை என்றால், சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். Change history-ஐ 1ஆம் தேதியிலிருந்து படித்துப் பாருங்கள். ஒரு விளம்பரம் நிராகரிக்கப்பட்டிருக்கலாம், நல்ல கீவேர்ட் ஒன்று தவறுதலாக நிறுத்தப்பட்டிருக்கலாம், கால் பதிவாகும் அமைப்பே உடைந்திருக்கலாம். கடைசியில் சொன்னது ரொம்ப ஆபத்தானது. கால் வருகிறது, பதிவாகவில்லை என்றால் கூகுள் கண்ணுக்கு எல்லாக் கிளிக்கும் வீண். அது இலக்கைக் காப்பாற்ற ஏலத்தை இன்னும் சுருக்கும், செலவு இன்னும் விழும். கடை ஃபோனில் வந்த கால் பட்டியலை எடுத்து, ஏதாவது ஒரு நாளைத் திரையோடு ஒப்பிட்டால் இது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். Auction insights-ஐயும் ஒரு பார்வை பாருங்கள். போன மாதம் இல்லாத பெரிய கம்பெனி இந்த மாதம் புகுந்திருந்தால், rank இழப்பில் ஒரு பகுதி அவர்களால் வந்தது.

அடுத்த மாதத்துக்கு இரண்டு விஷயம். ஒன்று, 1ஆம் தேதி 1,670 போட்டபின் தினமும் திறந்து பதறாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை, 8, 15, 22 என்று தேதி வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். நேர்கோட்டுக் கணக்கிலிருந்து பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடுங்கள். சர்வீஸ் தொழிலில் திங்கட்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே மாதிரி இருக்காது, சம்பள வாரமும் கடைசி வாரமும் ஒரே மாதிரி இருக்காது. உங்கள் கணக்கிலேயே மூன்று மாதத்தைக் கிழமை வாரியாக எடுத்துப் பார்த்தால் அந்தச் சாய்வு தெரியும். முன்னால் ஓடுகிறது என்றால், தொடாமல் விட்டால் கூகுளே பின்னால் அடக்கிக்கொள்ளும் என்பதை மறந்துவிட வேண்டாம். பின்தங்குகிறது என்றால் மட்டும் அந்த இரண்டு பத்திகளைத் திறக்க வேண்டும். ஞாயிறு கடை இல்லை என்று அன்றைக்கு விளம்பரத்தை அணைத்து வைத்தால், மாதச் செலவு அந்த அளவுக்குத் தானாகக் குறையும் என்று எண்ண வேண்டாம். மற்ற நாள்களில் இரு மடங்கு வரை போக அதற்கு இடம் இருக்கிறது.

இரண்டு, முதலாளியின் "ஒரு ரூபாய் கூடாது" என்பதற்கு ஒரு பூட்டு. Rules பகுதியில் கேம்பெய்னை நிறுத்தும் ஒரு விதி எழுதுங்கள்: Cost > 47500, காலம் This month, தினமும் ஓட வேண்டும். 1ஆம் தேதி காலையில் திரும்ப இயக்கிவிடும் இன்னொரு விதியும் வேண்டும். இல்லாவிட்டால் புது மாதம் பிறந்தும் கேம்பெய்ன் தூங்கும், உங்களுக்கு 5ஆம் தேதிதான் தெரியும். நிறுத்தும் விதி குறித்த நேரத்தில்தான் எட்டிப்பார்க்கும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே ஒரு முழு நாள் செலவு, மோசமானால் 1,670-இன் இரு மடங்கான 3,340 கூட ஓடிவிடலாம். அதனால்தான் 50,847 என்று போடாமல் 47,500 என்கிறேன். பட்ஜெட் கட்டத்தை யாராவது இடையில் மாற்றிவிட்டால் காப்பாற்றுவது இந்தப் பூட்டுதான்.

முதலாளியிடம் இன்றே பேசுங்கள், மாதக் கடைசி வரை தள்ளாதீர்கள். இப்படி ஒரு செய்தி போதும்: "அண்ணே, போன மாதம் 71,744-இல் 10,944 ஜி.எஸ்.டி. இனிமே வரியோடு சேர்த்து 60,000-க்குள்ள வர்ற மாதிரி மாத்தியாச்சு. இந்த மாதம் விலையை ரொம்ப இறுக்கிட்டதால கால் குறைஞ்சுது, இன்னைக்கு சரி பண்ணிட்டேன். மாதக் கடைசியில வரியோட 37,000-லேர்ந்து 48,000-க்குள்ள நிக்கும், மீதி உங்ககிட்டயே இருக்கும். ஒரு கால் வேலையா மாறினா உங்களுக்கு எவ்வளவு நிக்குதுன்னு சொன்னீங்கன்னா, அடுத்த மாதம் எவ்வளவு வரைக்கும் போகலாம்னு கணக்கு போட்டுத் தர்றேன்."

செலவாகாத அந்தப் பணத்தை அடுத்த மாதம் சேர்த்துப் போடட்டுமா என்று அவர் கேட்டால், அவர் சொல்லும் எண்ணைப் பொறுத்தே பதில் சொல்லுங்கள். கூகுள் தரப்பில் போன மாத மிச்சம் என்று எதுவும் கணக்கில் நிற்காது. 1ஆம் தேதி புதுக் கணக்குதான். அவர் சொல்லும் எண்ணில் 640 ரூபாய்க் காலும் லாபம் என்றால், அடுத்த மாதம் நாள் சராசரியை 1,670-க்கு மேல் வைக்கலாம், இந்தக் கேம்பெய்னால் 2,600 வரை தாங்க முடியும். லாபம் இல்லை என்றால் 1,670-ஐயே வையுங்கள். இலக்கை 330-இல் விட்டுவிடுங்கள். மிச்சத்தை வேறு ஏதாவது வேலைக்கு அவர் வைத்துக்கொள்ளட்டும்.